குந்துவதா, உட்காருவதா? கமோடும் கால்பலகையும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைய தலைப்பை அறிவிப்புப் பலகையில் எழுதும்போதே இரண்டு பேர் என்னிடம், "இதையெல்லாம் மேடையில் பேசணுமா பாய்?" என்று கேட்டுவிட்டார்கள். மதரஸாவில் சேர்ந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பதே தஹாரத் பாடம்தான். மலஜலம் கழிக்கும் ஒழுங்கு, இஸ்தின்ஜா செய்யும் முறை எல்லாம் அதில் உண்டு. சின்ன வயதில் கூச்சமில்லாமல் ஓதியதை ஐம்பது வயதுக்கு மேல் பேசக் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தால்தான் பல வீடுகளில் வயதானவர்கள் வாய் திறக்காமல் சிரமப்படுகிறார்கள்.

நம் அறக்கட்டளையிலிருந்து வாக்கர், கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி ஆகியவற்றை இரவலாகக் கொடுத்து வருகிறோம். கொடுத்த வீடுகளுக்கு ஒரு மாதம் கழித்துப் போய் விசாரிப்பது வழக்கம். அப்படிப் போகும்போது ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மூட்டுவலி என்று வீட்டில் இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் கமோடு வைத்தார்கள். முழங்கால் தப்பித்தது. ஆனால் வெளிக்குச் சரியாகப் போவதில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்தாலும் பாதி வயிற்றிலேயே நிற்பது போல இருக்கிறது என்கிறார்கள். இது ஏன், இதற்கு வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். நான் மருத்துவன் அல்ல. எலும்பு மருத்துவர், குடல் மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோரிடம் கேட்டதையும், படித்ததையும், வீடுகளில் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மலக்குடல் நேராகக் கீழே இறங்கி ஆசனவாயில் முடிவதில்லை. முடிகிற இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து புறப்படும் ஒரு தசைப்பட்டை, குடலின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னெலும்புக்கே வந்து சேர்கிறது. கவணில் கல்லைத் தாங்கும் வாரை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அமைப்புதான். இந்த வார் குடலை எப்போதும் முன்னோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால் அங்கே ஒரு மடிப்பு விழுகிறது. ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்பது போல, நாம் நடக்கும்போதும் தொழும்போதும் தூங்கும்போதும் மலம் தானாக வெளியேறாமல் இருப்பதற்கு இந்த மடிப்பும் ஒரு காரணம்.

வெளிக்குப் போகும்போது இந்த வார் தளர வேண்டும், மடிப்பு நிமிர வேண்டும். குந்தி உட்காரும்போது தொடை வயிற்றை நோக்கி மடங்குகிறது, இடுப்பு நன்றாக வளைகிறது, மடிப்பு அதிகமாக நிமிர்கிறது. நாற்காலியில் அமர்வது போல அமர்ந்தால் அது அரைகுறையாகத்தான் நிமிர்கிறது. மீதியை நாம் முக்கி ஈடுகட்டுகிறோம். 2010-இல் ஜப்பானில் ஆறு பேரை வைத்து எக்ஸ்ரே முறையில் இந்தக் கோணத்தை அளந்தார்கள். சாதாரணமாக அமரும்போது சுமார் 100 பாகை, குந்தும்போது சுமார் 126 பாகை. குந்தியபோது வயிற்றுக்குள் கொடுக்க வேண்டிய அழுத்தமும் குறைவாகவே இருந்தது. அதற்கு முன், 2003-இல் இஸ்ரேலில் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 28 பேர் மூன்று விதமாக அமர்ந்து, எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்தார்கள். வழக்கமான உயரமுள்ள கமோடில் சராசரி 130 விநாடி. குந்தும்போது 51 விநாடி. இரண்டும் சிறிய ஆய்வுகள்தான். ஆனால் நம் பாட்டன்மார் குந்தியே பழகியவர்கள். இந்த வித்தியாசம் அவர்களைக் கேட்டாலே தெரிந்திருக்கும்.

ஓதியவர்கள் இங்கே ஒன்றை நினைவுபடுத்துவார்கள். இடது காலில் பாரத்தைச் சாய்த்து உட்காருவது நல்லது என்று நம் ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது. அது குந்தி அமர்பவருக்குச் சொன்னது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே கமோடில் உட்காருவது மார்க்கத்துக்கு மாற்றமோ என்று எந்த மூதாட்டியும் மனம் குழம்ப வேண்டாம். சுத்தமும் மறைவும் பேணினால் போதும்.

அப்படியானால் எல்லோரும் மறுபடி குந்தலாமா? முழங்கால் நன்றாக இருப்பவர், குந்தி எழ முடிந்தவர், வீட்டில் இந்தியன் டாய்லெட் இருந்தால் அதை விடாதீர்கள். அழகுக்காக அதை இடித்துவிட்டுக் கமோடு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மூட்டு தேய்ந்தவர் குந்தினால் எழ முடியாமல் விழுவார். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குந்தி எழுந்தவுடன் அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டும். அவர்களுக்குக் கமோடுதான் சரி. இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் பழக்கத்தை விட முடியாமல் கமோடின் விளிம்பிலேயே ஏறிக் குந்துகிறார்கள். அந்தப் பீங்கான் அப்படி ஒரு ஆள் ஏறி நிற்பதற்காகச் செய்ததல்ல. உடைந்தால் கத்தி போலக் கிழிக்கும். ஆழமான காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கமோடில் உட்கார்ந்தபடியே காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்து முழங்காலை உயர்த்துவதுதான் நடுவழி. அமெரிக்காவில் ஒஹாயோவில் 52 பேரிடம் நான்கு வாரம் இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். பலகை வைத்தபோது முக்குவது குறைந்தது என்று பத்தில் ஒன்பது பேரும், சீக்கிரம் முடிந்தது என்று பத்தில் ஏழு பேரும் சொன்னார்கள். காலடியில் பலகை இருப்பது அவர்களுக்கே தெரியும் என்பதால் அதில் கொஞ்சம் மனப்பாங்கும் கலந்திருக்கலாம். பலகை வைத்தால் குந்துவதற்குச் சமம் என்று விளம்பரம் செய்வதை அப்படியே நம்ப வேண்டாம். நான் சொன்ன ஜப்பான் ஆய்வில், அமர்ந்தபடி இடுப்பை மட்டும் சற்றுக் கூடுதலாக மடக்கியபோது கோணம் பெரிதாக மாறவில்லை. பலகையோடு உடம்பையும் முன்னால் சாய்க்க வேண்டும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூலம் வராது, குடல் புற்று வராது என்று இந்தப் பலகையின் பெயரால் சொல்வதற்கெல்லாம் உறுதியான சான்று இல்லை. முக்குவது குறையும் என்பதுதான் லாபம். அதுவே பெரிய லாபம். ஏனென்று ஒரு வீட்டுக் கதையிலிருந்து சொல்கிறேன்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு ராத்தா. வயது 68. பெயர் வேண்டாம், அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். உயரம் 4 அடி 10 அங்குலம். இரண்டு மூட்டும் தேய்ந்தவை. மகன் நல்ல எண்ணத்தோடு புதிய கமோடு வைத்துக்கொடுத்தார், அதுவும் உயரமான ரகம். ஒருநாள் ஃபஜ்ருக்கு முன் ராத்தா உள்ளே போனவர் வெளியே வரவில்லை. முக்கிமுக்கி மயக்கம் வந்து சுவரோடு சாய்ந்துவிட்டார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. மூச்சை அடக்கி முக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. வயதானவருக்கு மயக்கம் வர அது போதும். அல்ஹம்துலில்லாஹ், அடி படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பயத்தில் தண்ணீர் குடிப்பதையும் இரவுச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். அதனால் மலம் இன்னும் இறுகியது.

நானும் இயன்முறை சிகிச்சையாளரான ஒரு சகோதரியும் போய்ப் பார்த்தோம். அந்தச் சகோதரி முதலில் டேப்பை எடுத்தார். தரையிலிருந்து கமோடின் இருக்கை வரை 17 அங்குலம். ராத்தாவின் உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 14 அங்குலம். அதாவது உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவே 3 அங்குலம் குறைகிறது. கால் தொங்கினால் விழுந்துவிடுவோமோ என்று உடம்பு தானாக இறுகிக்கொள்கிறது. தளர வேண்டிய தசையும் சேர்ந்து இறுகுகிறது. கமோடில் உட்கார்ந்த குள்ளமானவர்களும் சிறு பிள்ளைகளும் படும் பாடு இதுதான்.

மகன் ஏற்கனவே எங்கோ கேள்விப்பட்டு, குளிக்கும்போது உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்துப் பார்த்திருந்தார். அதன் உயரம் 9 அங்குலம். முழங்கால் நெஞ்சுக்கு ஏறி மூட்டு வலித்தது, பின்னால் சாய்ந்து விழுவது போல இருந்தது, ஈரத்தரையில் ஸ்டூல் வழுக்கியது. இரண்டே நாளில் ராத்தா அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். சகோதரி கணக்குப் போட்டார். தரையை எட்டுவதற்கே 3 அங்குலம் வேண்டும். அதற்கு மேல் முழங்கால் இடுப்பைவிட 3 அங்குலம் உயர்ந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஆக 6 அங்குலம். தச்சரிடம் சொல்லி 6 அங்குல உயரம், 18 அங்குல அகலம், ஒரு அடி ஆழத்தில் பலகை செய்தோம். கால்களின் அடியில் வாக்கருக்குப் போடும் ரப்பர் புஷ், மேலே சொரசொரப்பான ரப்பர் பாய். வலதுபக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு.

உட்காரும் முறையையும் சகோதரி சொல்லிக்கொடுத்தார். முதலில் கமோடில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு காலாகப் பலகையில் வைக்க வேண்டும். பாதங்கள் இடுப்பளவு அகன்று, முழுவதும் பலகையில் படிய வேண்டும். மூட்டு வலிப்பவர் பலகையைக் கமோடோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்தால் முழங்கால் குறைவாக மடங்கும். பிறகு முதுகை நேராக வைத்தபடி முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்ற வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றை முன்னால் தள்ளி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயால் மெதுவாக மூச்சை விட வேண்டும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. வரவில்லை என்றால் எழுந்து வந்துவிட்டு, உணர்வு வரும்போது மறுபடி போகலாம். கழிப்பறையில் தேவைக்கு மேல் தங்குவதை நம் நூல்களே வெறுத்திருக்கின்றன. இப்போது கையில் செல்போனோடு போகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கும்தான்.

சுத்தம் செய்யும் நேரத்தில்தான் தவறு நடக்கிறது. கழுவி முடித்து, கால்களை ஒவ்வொன்றாக இறக்கி, பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் ஊன்றிய பிறகே எழ வேண்டும். பலகைமேல் கால் வைத்தபடி யாரும் எழக் கூடாது. கைத்தெளிப்பான் வலது கைக்கு எட்டும்படி இருந்தால் இடது கையால் கழுவத் திரும்பித் தேட வேண்டியிருக்காது. பலகையில் தண்ணீர் தெறிக்குமே, நஜீஸ் ஆகுமே என்று ராத்தா கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு முறையும் பலகைமேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிச் சாய்த்து வைத்தால் போதும். மரமாக இருந்தால் வார்னிஷ் அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊறி நாறும்.

இரண்டு வாரம் கழித்து மருமகளிடம் விசாரித்தேன். முன்பு அரைமணி நேரம் ஆனது, இப்போது பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறார் என்றார். ஆனால் மலம் இறுகித்தான் போகிறது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் என்றார். இங்கேதான் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். மலம் வாசலுக்கு வந்து சேர்வது ஒன்று, வாசலைத் தாண்டுவது இன்னொன்று. உணர்வு வருகிறது, உட்கார்ந்தால் வெளியேறவில்லை, போன பிறகும் மீதி இருப்பது போலத் தோன்றுகிறது என்றால் அது வாசல் பிரச்சினை. பலகை அதற்கு உதவும். நாள் கணக்கில் உணர்வே வரவில்லை, வந்தால் ஆட்டுப் புழுக்கை போலக் கெட்டியாக வருகிறது என்றால் பலகை மட்டும் என்ன செய்யும்? தண்ணீர், நார்ச்சத்து, நடை, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ராத்தாவிடம் இருந்தவை இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை. குடும்ப மருத்துவர் பார்த்து இரும்பு மாத்திரையை மாற்றினார். இசப்கோல் உமியை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு எடுக்கச் சொன்னார். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு இசப்கோல் சாப்பிட்டால் அடைப்பு அதிகமாகும் என்பதையும் சொல்லி அனுப்பினார். காலைச் சாப்பாடு முடிந்து அரைமணி நேரத்துக்குள் குடல் தானாக அசைந்து கொடுக்கும் நேரம் என்பதால், உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்போது ஒருமுறை போய் உட்காரச் சொன்னார். ஒன்றரை மாதத்தில் முக்கல் நின்றது, பயமும் போனது.

உணர்வு வரும்போது அடக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழ வேண்டாம் என்று ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. ஆனாலும் இகாமத் சொல்லிவிட்டார்கள் என்று அடக்கிக்கொண்டு ஸஃப்பில் நிற்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடக் கழிப்பறை பிடிக்காமல் மாலை வரை அடக்கும் பெண்பிள்ளைகள் இன்னும் அதிகம். அடக்க அடக்க மலக்குடல் விரிந்து, உணர்வே மங்கிப்போகிறது, மலத்திலுள்ள ஈரமும் உறிஞ்சப்படுகிறது. கமோடில் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கையின்மேல் ஒரு சிறிய இருக்கை வளையமும், காலுக்குக் கீழே பலகையும் கட்டாயம் வைத்துக்கொடுங்கள். கால் தொங்கினால் பிள்ளை பயந்து அடக்கும். ஒருமுறை வலித்துவிட்டால் மறுமுறை இன்னும் அடக்கும்.

பலகை எல்லோருக்கும் ஆகாது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். பலகை அதைத்தான் மடக்குகிறது. மூட்டு நழுவிவிடும். அவர்களுக்காகத்தான் உயரமான இருக்கை தருகிறார்கள், மருத்துவர் அனுமதிக்கும் வரை பலகையை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். முழங்கால் மாற்று செய்தவர்கள் எவ்வளவு மடக்கலாம் என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டு உயரத்தை முடிவு செய்யட்டும். நடையில் தள்ளாட்டம், பார்க்கின்சன் நோய், பக்கவாதம் உள்ளவர்கள் ஆள் துணையில்லாமல் பயன்படுத்தக் கூடாது. இரவு இருட்டில் பலகை காலில் இடறும், ஆகவே சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

முறையாக நான்கு வாரம் பயன்படுத்தியும் முக்கல் குறையவில்லை என்றால், தளர வேண்டிய அந்தத் தசையைத் தாமே அறியாமல் இறுக்குபவராக இருக்கலாம். அதைச் சோதித்துப் பயிற்சியால் சரிசெய்யும் சிகிச்சை உண்டு, குடல் மருத்துவரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் உடல் மெலிதல், ஐம்பது வயதுக்கு மேல் பழக்கம் திடீரென மாறுதல், இவற்றில் எது இருந்தாலும் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூலமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்து நாட்டு மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். இரும்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் கறுப்பாகப் போவது சாதாரணம்தான், ஆனால் அதையும் மருத்துவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்தாவுக்குச் செய்த அதே தச்சரிடம் 6, 7, 8 அங்குல உயரங்களில் சில பலகைகள் செய்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வாக்கரைப் போலவே இரவலாகப் பெற்றுக்கொள்ளலாம். வரும்போது இரண்டு அளவுகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். தரையிலிருந்து கமோடின் இருக்கை வரை எத்தனை அங்குலம், உட்காரப்போகிறவரின் உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எத்தனை அங்குலம். இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அந்த மருத்துவச் சீட்டையும் கொண்டு வாருங்கள். பெண்கள் அஸருக்குப் பிறகு வந்தால் இயன்முறை சிகிச்சையாளரான சகோதரியே அளவு பார்த்துக் கொடுப்பார்.

வஸ்ஸலாம்.